சாத்திய கதவும் இரண்டு நிமிட வாழ்த்தும்

(விழுப்புரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, “இந்த மாசம் எதைப் பத்திப் பேசுறீங்க ஐயா?” என்று கேட்டார். “நெருங்கிய நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துரை சொல்வது எப்படி” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “சங்க இலக்கியத்துல ஏதாவது...” என்று இழுத்தார். அதுவும் வரும், திண்டிவனமும் வரும், நோட்டீஸ் அடியுங்கள் என்றேன். வந்திருக்கிறீர்கள். நன்றி.

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு நண்பன். மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அவனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. மகன் ஒரு சின்ன மண்டபம் பிடித்து, ஜமக்காளம் விரித்து, மைக் செட் வைத்துவிட்டான். நான் தமிழ் வாத்தியார். மைக்கைக் கண்டால் விடுகிற ஜாதி இல்லை. எழுதி வைத்துக்கொள்ளாமல் ஏறினேன். இருபது நிமிஷம் பேசினேன். எப்படிப்பட்ட நிலையிலிருந்து இவன் இப்படி உயர்ந்தான் என்று காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஒரு ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததையும், அவன் அண்ணன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்ததையும், மதியம் பம்புசெட் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ‘சாப்ட்டேன்’ என்று சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கைதட்டினார்கள். நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் பூரித்துப்போய் இறங்கினேன்.

முன்வரிசையில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவனுடைய சம்பந்தி வீட்டார். சாப்பாட்டுப் பந்தியில் அம்மா என் அருகே வந்து, கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்கள்: “அன்னிக்கு நான் கதவச் சாத்திட்டுத்தாம்ப்பா இருந்தேன். நீ தொறந்து உட்டுட்டியே.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மா சொன்ன கதவை நான் வகுப்பில் முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

சிறுபாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். பத்துப்பாட்டில் ஒன்று. 269 அடி. உ.வே.சா. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். ஓய்மானாடு எது என்றால், இதோ நம் நாடுதான். அவனுடைய ஊர்களில் ஒன்றான கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே ஒரு பகுதி. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கிடங்கல் எது என்று கேட்டால் கை காட்டுவார்கள். பாட்டில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வழியெல்லாம் சாப்பாடு: பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் தருவார்கள், வேலூரில் எயினர் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் தருவார்கள், ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோற்றோடு நண்டு. இந்த வேலூர் கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, நம் பக்கத்து வேலூர். கேட்டாலே பசி எடுக்கும். அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டின் நடுவில் இருக்கிற ஒரு சமையல்கட்டு. வள்ளலிடம் பரிசு வாங்கிக்கொண்டு யானையும் தேருமாகத் திரும்பி வருகிற ஒரு பாணன், எதிரில் வருகிற இன்னொரு ஏழைப் பாணனிடம் பேசுகிறான். நாங்கள் முன்னால் எப்படி இருந்தோம் தெரியுமா என்கிறான். கூரை இற்று விழுந்த வீடு. கரையான் அரித்த சுவர். அதில் காளான் பூத்திருக்கிறது. சமையல்கட்டில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அவை தாயின் மடியை முட்டுகின்றன. பால் இல்லை. வலி பொறுக்காமல் தாய் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு வாங்க வழி இல்லை. உப்பில்லாமல் வேக வைக்கிறாள். வேக வைத்ததும் முதலில் செய்வது என்ன? வாசல் கதவைச் சாத்துகிறாள். பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. சாத்திவிட்டுத்தான் சுற்றத்தையெல்லாம் உட்கார வைத்து அந்தக் கீரையைப் பங்கு போடுகிறாள்.

இதைப் படிக்கிறபோதெல்லாம் வறுமையின் சித்திரம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். பந்தியில் அந்த அம்மா பேசிய பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. இந்தக் கதவை இப்போது திறந்து காட்டுவது யார்? அந்த வீட்டு ஆளே. அவன் தன் வீட்டுக் கதவைத் தானே திறக்கிறான். யாரிடம்? தன்னைப் போலவே பசித்து நிற்கிற இன்னொரு பாணனிடம். வள்ளலின் சபையில் இல்லை, ஊர் கூடிய இடத்தில் இல்லை. நல்லியக்கோடன் எழுந்து, “இவர்கள் வீட்டில் உப்புகூட இல்லாமல் கீரை தின்றார்கள், நான் யானை கொடுத்தேன்” என்று சொல்லியிருந்தால் அந்தப் பாட்டை நாம் இன்று படித்துக்கொண்டிருக்க மாட்டோம். வள்ளலைப் பற்றி அந்தப் பாட்டு சொல்வது இதற்கு நேர் எதிர்: அவன் வீட்டு வாசல் பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அடைக்கப்படுவதே இல்லை. இந்தப் பக்கம் வெட்கத்துக்காகச் சாத்திய கதவு. அந்தப் பக்கம் சாத்தாத வாசல். இரண்டுக்கும் நடுவில் பல நூறு வருஷமாக ஒரு பாட்டு நடந்துகொண்டிருக்கிறது.

நான் மேடையில் செய்தது என்ன என்று இப்போது உங்களுக்குப் புரியும். கதை பொய் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. கதை என்னுடையது இல்லை, அவ்வளவுதான். அவன் பசியை அவன் சொல்லலாம். அவன் அம்மாவின் அடுப்பை அவன் அம்மா சொல்லலாம். எனக்கு அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை.

நம் ஊர் விழாக்களில் மானத்தை வாங்குகிற கதை என்றால் குடித்துவிட்டு விழுந்தது, பரீட்சையில் கோட்டை விட்டது, யாருக்கோ கடிதம் கொடுத்து அடி வாங்கியது என்றுதான் நினைப்போம். அதையெல்லாம் பெரும்பாலும் யாரும் மைக்கில் சொல்வதில்லை. பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்ற பயம் இருக்கிறது. நாம் சறுக்குவது பாராட்டுகிற இடத்தில்தான். ஏழ்மையிலிருந்து உயர்ந்தான் என்று பாராட்டுகிறோம், அம்மா தலை குனிகிறாள். “யாருக்கும் தெரியாது, இன்னாருடைய பையனுக்கு இவர்தான் கல்லூரிப் பணம் கட்டினார்” என்று பாராட்டுகிறோம், அந்தப் பையன் மூன்றாவது வரிசையில் தன் மாமனாரோடு உட்கார்ந்திருப்பான். கொடுத்தவனைப் புகழப்போய், வாங்கியவனை எழுப்பி நிற்க வைத்துவிடுகிறோம்.

இங்கேயும் சிறுபாணாற்றுப்படை ஒரு வழி வைத்திருக்கிறது. நல்லியக்கோடனைச் சுற்றி இருப்பவர்கள் எப்படிப் புகழ்கிறார்கள் என்று ஒரு பகுதி வரும். எல்லோரும் எல்லாவற்றையும் புகழவில்லை. அறிவுடையவர்கள், இவன் செய்ந்நன்றி மறக்காதவன், சின்னப் புத்திக்காரர்களோடு சேராதவன், முகம் மலர்ந்தவன் என்கிறார்கள். வாள் பிடித்த வீரர்கள், பயந்து வந்தவனைக் காப்பான், கடுங்கோபம் கிடையாது என்கிறார்கள். பெண்கள் சொல்வது வேறு. பரிசு வாங்கியவர்கள் சொல்வது வேறு. அவரவர் நின்ற இடத்திலிருந்து அவரவர் பார்த்ததை மட்டும் சொல்கிறார்கள். வீரன் போய் இவன் யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கணக்கு சொல்லவில்லை. கொடையைப் பற்றிச் சொல்வது கொடை வாங்கியவன்.

பரிசு வாங்கியவர்கள் சொல்கிற குணங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தான் சொல்வது புரியாத ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால், தானும் ஒன்றும் தெரியாதவன்போல் இருந்துவிடுவானாம். நல்ல அறிவு இருப்பதைச் சொல்வதற்கு முன்னாலேயே இதைச் சொல்கிறார்கள். மேடை ஏறுகிற நண்பனுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் வேண்டும். அவனைப் பற்றி நமக்கு நூறு தெரியும். தொண்ணூற்றொன்பது தெரியாதவன்போல் நிற்க வேண்டும்.

அப்படியானால் கிண்டலே கூடாதா என்று ஒருவர் கேட்டார், இங்கே வருவதற்கு முன் டீக்கடையில். நெருங்கிய நண்பனைக் கிண்டல் பண்ணாமல் வாழ்த்தினால் அது நகராட்சித் தலைவருக்குப் படிக்கிற வாழ்த்துமடல் மாதிரி ஆகிவிடும், உண்மைதான். அதற்குக் கபிலரைப் பாருங்கள். திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுக்குள் கபிலர் குன்று இருக்கிறது. 2019 வரை நம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சியில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கும் பாரிக்கும் இருந்த நட்பு தெரியாதவர்கள் இல்லை. புறநானூற்றில் 107ஆம் பாட்டு. நாலே அடி. இந்தப் புலவர்கள் எல்லாம் எப்போது பார்த்தாலும் பாரி பாரி என்று ஒருத்தனையே புகழ்கிறார்களே, உலகத்தைக் காப்பாற்ற மழை என்று ஒன்றும் இருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறார். கேட்பதற்குப் பாரியைக் குறைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். முடிகிறபோது பார்த்தால், பாரிக்கு ஜோடியாக நிறுத்த மழையைத் தவிர வேறு ஆளே கிடைக்கவில்லை. மானம் போகிற கதை ஒன்றும் இல்லை, ஆனால் சபை சிரிக்கும், பாரியும் சிரித்திருப்பான். கிண்டல் முடிகிறபோது நண்பன் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டும். குட்டையாக நின்றால் அந்தக் கிண்டல் டீக்கடைக்கு.

நாலு அடி என்பதையும் கவனியுங்கள். நீளம் பற்றிப் பிறகு வருகிறேன்.

பிறந்தநாள் கொண்டாட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வார்கள். கேக்கும் மெழுகுவத்தியும் வேண்டுமானால் அப்படி. கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்துகிற வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். டோஸ்ட் என்ற பெயரே, மசாலா தடவிச் சுட்ட ரொட்டித் துண்டை மதுவில் போட்டுக் குடித்ததால் வந்தது. நம்மிடம் தூக்குவதற்குப் பாயச டம்ளர்தான் இருக்கிறது. ஆனால் வாழ்த்து நம்மிடம் பழசு. தொல்காப்பியப் புறத்திணையியலில், பாடாண் திணையில், அரசன் பிறந்த நாளுக்கு என்றே ஒரு துறை இருக்கிறது. பெருமங்கலம் என்று பெயர். அந்த நாளில் அரசன் முதலில் செய்ய வேண்டியது மனதில் இருக்கிற கோபத்தைக் கீழே இறக்கி வைப்பது. சிறையில் இருப்பவர்களை விடுவது, கொலையை நிறுத்துவது, வரியைத் தள்ளுவது, கேட்டதைக் கொடுப்பது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அன்றைக்கு வெள்ளை உடுத்துவதால் வெள்ளணி நாள் என்றும் பெயர். அரசனே அன்று பழைய கணக்கு பார்க்கவில்லை. நண்பன் மட்டும் ஏன் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏற வேண்டும்?

செய்யுளியலில் வாழ்த்தை வகை பிரிக்கிறார் தொல்காப்பியர். அதில் ஒன்று வாயுறை வாழ்த்து. வேம்பு மாதிரிக் கசக்கும், பின்னால் நன்மை தரும். “இவன் சிகரெட்டை விட வேண்டும் என்று இந்தச் சபையில் கேட்டுக்கொள்கிறேன்” என்று மைக்கில் சொல்கிறார்களே, அது அந்த வகை. சொல்ல வேண்டியதுதான், மறுநாள், தனியாக. இன்னொன்று புறநிலை வாழ்த்து. நீ வணங்குகிற தெய்வம் உன்னைக் காக்க, உன் வழிவழியாக எல்லாம் பொலிக என்பது. பிறந்தநாளுக்கு உரியது இதுதான். இதில் இன்னொரு நுட்பம்: நான் கும்பிடுகிற தெய்வம் இல்லை, நீ கும்பிடுகிற தெய்வம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் அதே நண்பனுக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூர் போய் வந்த பிறகு திண்டிவனத்தில் உறவுக்காரர்களுக்கு ஒரு சாப்பாடு வைத்தான். “நீ ரெண்டு வார்த்தை பேசணும்டா” என்றான். பத்து வருஷத்துக்கு முன் நடந்ததை அவன் ஒரு நாளும் எடுத்துப் பேசியதில்லை. தெரியாதவன்போல் இருக்கத் தெரிந்தவன் அவன்தான்.

இந்த முறை எழுதினேன். முதல் தடவை எழுதியது ஆறு பக்கம் வந்தது. போனில் கடிகாரத்தை ஓடவிட்டு வாய்விட்டுப் படித்தேன். 11 நிமிஷம். மண்டபத்தில் இலை போட்டுவிட்டார்கள் என்ற செய்தி காதில் விழுந்தபின் மனிதன் கேட்பது இரண்டு நிமிஷம்தான். மைக்கில், நிறுத்தி, ஊர் கேட்கிற மாதிரிப் படித்தால் எனக்கு நிமிஷத்துக்கு நூறு சொல்லுக்குள் ஓடுகிறது. ஆக, 200 சொல்லுக்கு மேல் இடம் இல்லை. ஒவ்வொன்றாக வெட்டினேன். எதை, ஏன் என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடக் கதைகள் எல்லாம் முதலில் போயின. அவை அவன் அம்மாவினுடையவை. மண்டியில் வேலை செய்யும் ஒருவருடைய மகள் கல்யாணத்துக்கு அவன் செய்ததை எழுதியிருந்தேன். அந்தக் குடும்பம் பந்திக்கு வரும். அதுவும் போனது. வியாபாரத்தில் ஒரு தடவை நொடித்துப்போய் மீண்டு வந்ததை எழுதியிருந்தேன். கேட்கிற வரிசையில் வியாபாரிகள் இருப்பார்கள், வங்கிக்காரர் ஒருவர் இருப்பார். மீண்டது அவர்கள் காதில் விழாது, நொடித்தது மட்டும்தான் விழும். போனது.

அடுத்தது நான் வீடு கட்டுகிறபோது அவன் கொடுத்த பணம். இது நான் வாங்கியது. பாணன் கணக்குப்படி சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. சந்தோஷமாக வைத்திருந்தேன். படுக்கப் போகிறபோதுதான் உறைத்தது: அந்தப் பணம் அவன் வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்தது. நான் நன்றி சொல்லி உட்காருவேன், அவன் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். அடித்துவிட்டேன். வாங்கியது நானாக இருந்தாலும் கொடுத்த பக்கத்திலும் ஒரு கதவு இருக்கிறது.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. என் மனைவி முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள். அது என் வீட்டுக் கதை. ஆனாலும் என் ஒருவனுடைய கதை இல்லையே, அவளிடம் கேட்டேன். “ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. என்ன வியாதின்னு சொல்லாதீங்க” என்றாள். அப்படியே செய்தேன். அன்று மேடையில் சொன்னது இது. காகிதம் பையில் இருக்கிறது, படித்துவிடுகிறேன்.

“எல்லோருக்கும் வணக்கம். நான் விழுப்புரத்திலிருந்து வருகிறேன். இவனுக்கு நண்பன். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்காருகிறேன், பந்தி காத்திருக்கிறது.

“அஞ்சு வருஷத்துக்கு முன் என் மனைவி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் 17 நாள் இருந்தாள். இவன் மண்டியைப் பூட்டிவிட்டு, சாயங்காலம் திண்டிவனத்தில் பஸ் ஏறி வருவான். 17 நாளும் வந்தான். வந்து என்ன செய்தான் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவான். பையில் மல்லாட்டை இருக்கும். ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பான், மண்டிக்காரன் இல்லையா. அப்புறம் உடைத்துப் பருப்பை என் கையில் வைப்பான். தோலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஆஸ்பத்திரியைக் குப்பை ஆக்கக் கூடாது. கடைசி பஸ்ஸுக்கு எழுந்து, பை நிறையத் தோலோடு திண்டிவனம் போவான்.

“இந்த ஊரில் மல்லாட்டைக்குச் சரியான விலை கிடைக்கும் இடம் எது என்று உங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும்தான் இவன் 17 நாள் சும்மா கொடுத்தான். அதுவும் உரித்து.

“தங்கச்சி, அந்தச் சட்டைகளைத் துவைத்தது நீங்கள். உங்களுக்கும் நன்றி. டேய், நீ கும்பிடுற மயிலம் முருகன் உன்னையும் உன் புள்ளைங்களையும் பேரப்புள்ளைங்களையும் நல்லா வச்சிருக்கட்டும். நல்லா இருடா.”

இவ்வளவுதான். ஒன்றே முக்கால் நிமிஷம் ஆயிற்று. ‘அதுவும் உரித்து’ என்ற இடத்தில் சிரித்தார்கள். சட்டை துவைத்ததைச் சொன்னபோது அவன் மனைவிதான் முதலில் சிரித்தார்கள். அந்தத் தோல் எங்கிருந்து வருகிறது என்று அந்த 17 நாளும் அவன் சொல்லவே இல்லையாம். இதுவும் ஒரு சின்னக் கதவுதான், தெரியாமல் திறந்துவிட்டேன். நல்லவேளை, உள்ளே மல்லாட்டைத் தோல்தான் இருந்தது.

எழுதுகிறவர்களுக்காக இரண்டு கைவேலை. “தங்கமான மனசு”, “நட்புக்கு இலக்கணம்” மாதிரி வார்த்தைகள் முதல் பிரதியில் ஒன்பது இடத்தில் இருந்தன. அத்தனையையும் எடுத்தேன். அவற்றை யாருக்கும் சொல்லலாம்; நாளைக்கே வேறொருவர் மணிவிழாவில் பெயரை மாற்றிப் படித்துவிடலாம். மல்லாட்டைத் தோலை அப்படி மாற்றிப் படிக்க முடியாது. எழுதியதைப் படித்துப் பார்த்து, நண்பனின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, முதல் வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, சம்பந்தி, மருமகள், கடன் கொடுத்தவர், வேலை செய்கிறவர். ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். இவர் இதை இன்றுதான் முதல்முறையாகக் கேட்கப்போகிறார் என்று எந்த வரியில் தோன்றுகிறதோ, அங்கே நிறுத்திப் பாருங்கள். நல்லதாகவே இருந்தாலும், முதல்முறை கேட்கிற இடம் மண்டபமாக இருக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு இப்போது 84 வயது. போன வருஷச் சாப்பாட்டிலும் முன்வரிசையில்தான் இருந்தார்கள், அதே சம்பந்தி வீட்டாரின் பக்கத்தில். நான் இறங்கி வந்ததும் கூப்பிட்டார்கள். பயந்துகொண்டேதான் போனேன். “ஒம் பொண்டாட்டிக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நம் செயலாளருக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி ஐம்பது நிறைகிறது. அவருக்குப் பிடிக்காவிட்டாலும் நாம் கொண்டாடப் போகிறோம். வாழ்த்திப் பேசப் பெயர் கொடுத்திருக்கிற இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். அவரோடு ஒரே விடுதி அறையில் மூன்று வருஷம் இருந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். தலைக்கு இரண்டு நிமிஷம். மணி என் கையில் இருக்கும். அந்த விடுதி அறையின் கதவு சாத்தியே இருக்கட்டும்.